2.1 எதற்கும் சாட்சி சொல்லாது

விளையாட்டுக் கன்சோலுக்காக டிவி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எச்டிஎம்ஐ டூ பாயிண்ட் ஒன் இருக்கா?" இருக்கிறது என்று கடைக்காரர் தலையாட்டினால் பில் போட்டுவிடலாம். கூடவே "டூ பாயிண்ட் ஒன் கேபிள்" ஒன்றையும் எடுத்துக்கொண்டால் நொடிக்கு 120 படம் வரும், படம் கிழியாது, திணறாது, எல்லாம் தானாக நடக்கும். இதுதான் இன்று ஊரெங்கும் உலவும் ஞானம். கூடவே இதற்கு நேர் எதிரான இன்னொரு ஞானமும் உண்டு: "பெரும்பாலான கன்சோல் விளையாட்டுகள் 60-ஐயே தாண்டுவதில்லை, 120 ஹெர்ட்ஸ் திரைக்குப் பணம் கொடுப்பது வீண்." முதல் கூட்டம் எண்ணை நம்பிப் பணத்தை இறைக்கிறது. இரண்டாம் கூட்டம் இன்னோர் எண்ணை நம்பிப் பணத்தை இறுக்குகிறது. இரண்டுமே தவறு என்பது என் வாதம்.

அக்கா மகன் சென்ற ஆண்டு ஒரு நல்ல டிவி வாங்கினான். ஏற்கெனவே பிஎஸ்5 இருந்தது. சவுண்ட்பாரும் இருந்தது. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். "மாமா, 120 வரவே மாட்டேங்குது. கடையில கேட்டா கேபிள்தான் காரணம்ங்கறாங்க. நாலாயிரம் ரூபா கேபிள் ஒண்ணு எடுத்து வச்சிருக்காங்களாம்." நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் வாங்கிவிட்டான். கேபிள் வந்தது, 120 வரவில்லை. அந்தக் கதையின் முடிவைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அவனை அந்தக் கடைக்கு அனுப்பிய நம்பிக்கையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிலிருந்து தொடங்குவோம். எச்டிஎம்ஐ 2.1 விதிமுறை 2017 நவம்பரில் வெளியானது. அதற்கு முந்தைய 2.0 விதிமுறையில் கம்பி வழியே நொடிக்கு அதிகபட்சம் 18 ஜிகாபிட் போகும். புதிய விதிமுறை அதை 48 ஆக்கியது. மாறும் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது விஆர்ஆர், அதில் சேர்ந்தது. விளையாட்டு ஓடும்போது டிவி தானாகவே தாமதம் குறைந்த நிலைக்கு மாறும் வசதியும், ஒலியைத் திருப்பி அனுப்பும் இ-ஆர்க்கும் சேர்ந்தன. இதுவரை சரி. மக்கள் கவனிக்காமல் விட்டது வேறு: இவற்றில் எதுவும் கட்டாயம் இல்லை. ஒரு தயாரிப்பாளர் இந்தப் பட்டியலில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை எல்லாம் விட்டுவிடலாம், பெட்டியில் 2.1 என்றும் போட்டுக்கொள்ளலாம்.

இது என் ஊகம் இல்லை. 2021 டிசம்பரில் ஷாவ்மியின் ஒரு மானிட்டர் 2.1 என்று விற்கப்பட்டது. அதன் போர்ட்டின் திறனைப் பார்த்தால் பழைய 2.0-க்கு மேல் ஒன்றும் இல்லை. இதைக் கண்டுபிடித்த டிஎஃப்டி சென்ட்ரல் என்ற மதிப்பாய்வுத் தளம், எச்டிஎம்ஐ உரிமம் வழங்கும் அமைப்பிடமே விளக்கம் கேட்டது. வந்த பதில் பலரைத் திகைக்க வைத்தது. 2.0 என்ற ஒன்று இனி இல்லை, அது 2.1-க்குள் அடங்கிவிட்டது, புதிய வசதிகள் எல்லாம் விருப்பத்துக்கு உட்பட்டவை, எந்த வசதி இருக்கிறது என்பதைத் தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதாவது, எண்ணை உருவாக்கியவர்களே அந்த எண் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று கைகழுவிவிட்டார்கள். ரேஷன் கார்டு கையில் இருப்பதாலேயே இன்று கடையில் பருப்பு இருக்கிறது என்று ஆகிவிடாது. 2.1 அப்படிப்பட்ட ஒரு கார்டு.

"எழுதியபடி நேர்மையாகச் செய்த நிறுவனங்களும் உண்டே" என்பார்கள். உண்டு. ஆனால் நேர்மையாகச் செய்த இடத்திலும் எண் கைவிட்டிருக்கிறது. 2020-இல் வெளிவந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்கள் சிலவற்றில் அந்தப் புதிய போர்ட் உண்மையாகவே இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை அதில் மாட்டி 4கே 120 வைத்தால் திரை கறுத்துவிட்டது. உள்ளே இருந்த சில்லில் பிழை. டெனானும் மராண்ட்ஸும் இடையில் மாட்ட ஒரு சிறு பெட்டியை இலவசமாகத் தந்தன. யமஹா உள்பலகையையே மாற்றித் தந்தது. இந்தச் சம்பவம் முழுவதிலும் பெட்டிமேல் இருந்த எண் சரியாகவே இருந்தது.

ஆகவே எண்ணை ஓரம் வைத்துவிட்டு, அது மறைத்து வைத்திருக்கும் மூன்று தனித்தனி விஷயங்களைப் பார்ப்போம். ஒன்று, அந்தக் குறிப்பிட்ட போர்ட் நொடிக்கு எத்தனை ஜிகாபிட் வாங்கும்? இரண்டு, அந்தப் போர்ட்டில் விஆர்ஆர் உண்டா, எந்த எல்லைக்குள்? மூன்று, திரைப் பலகை உண்மையில் நொடிக்கு எத்தனை முறை மாறும்? கடைக்காரர் ஒரே சொல்லில் முடிக்கும் விஷயம் உண்மையில் இந்த மூன்றும்தான். ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இவை தனித்தனி என்பதற்குச் சரித்திரமே சான்று. விஆர்ஆருக்கு அகலமான குழாய் தேவையே இல்லை. 2018-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், ஒன் எக்ஸ் கன்சோல்கள் பழைய 18 ஜிகாபிட் போர்ட் வழியாகவே ஃப்ரீசிங்க் என்ற பெயரில் மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டை அனுப்பின. காரணம் எளிது. விஆர்ஆர் கூடுதல் படம் எதையும் அனுப்புவதில்லை. ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கும் வரை கம்பியில் இயல்பாகவே ஒரு சிறு வெற்றிடம் உண்டு. அடுத்த படம் தயாராகும்வரை அந்த வெற்றிடத்தை நீட்டுவதுதான் விஆர்ஆர். டிவியும் கடிகாரத்தைப் பார்க்காமல், படம் வந்ததும் மாற்றுகிறது. காத்திருப்பதற்கு ஜிகாபிட் செலவாகாது.

இதன் மறுபக்கம் நின்டென்டோ ஸ்விட்ச் 2. 2025 ஜூனில் வந்த அந்தக் கன்சோலின் பெட்டிக்குள்ளேயே மிக உயர்ந்த வகைக் கேபிள் இருக்கிறது. டாக்கில் வைத்து டிவியில் மாட்டினால் 120 ஹெர்ட்ஸ் வரும், அதுவும் 4கேயில் அல்ல, 1440பி வரை. ஆனால் விஆர்ஆர் அதன் கைத்திரையில் மட்டும்தான், டிவிக்கு வராது. வருவது போலத் தோன்றும்படி முன்பு வெளியான தகவலுக்கு அந்த நிறுவனம் பின்னர் திருத்தம் சொல்ல நேர்ந்தது. உலகின் சிறந்த டிவியைக் கொண்டுபோய் வைத்தாலும், கேபிளுக்குத் தங்க முலாம் பூசினாலும், கன்சோல் அனுப்பாததை அவை உண்டாக்கப் போவதில்லை.

சரி, கேபிள். இந்த நம்பிக்கையில் பணம் அதிகம் கரையும் இடம் இதுதான். "2.1 கேபிள்" என்று ஒரு வகையே அதிகாரபூர்வமாகக் கிடையாது. கேபிளுக்குப் பதிப்பு எண் போட்டு விற்கக் கூடாது என்பது எச்டிஎம்ஐ அமைப்பின் விதி. கேபிளுக்கு வகைப்பெயர்தான் உண்டு. 18 ஜிகாபிட் வரை சான்று பெற்றது பிரீமியம் ஹை ஸ்பீட். 48 வரை சான்று பெற்றது அல்ட்ரா ஹை ஸ்பீட். அந்த முழுப்பெயர் கேபிளின் மேலுறையிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பெட்டியின் மேல் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய சான்று லேபிளும் இருக்க வேண்டும். இவை இருந்தால் விலை எதுவானாலும் போதும், இல்லையென்றால் விலை எவ்வளவானாலும் நம்ப முடியாது.

இன்னொரு பக்கம், கேபிள் காரணமாகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 18 ஜிகாபிட்டுக்குச் செய்த பழைய கேபிளில் அதிக வேகம் வராது. இணைப்பு தொடங்கும்போது கன்சோலும் டிவியும் கம்பியைச் சோதித்துப் பார்த்து ஒரு வேகத்தை முடிவு செய்கின்றன. கம்பி தாங்காவிட்டால் ஒரு படி கீழே இறங்கிக்கொள்கின்றன. ஆகவே மோசமான கேபிளின் அடையாளம் சத்தமில்லாமல் 60-க்கு இறங்குவது, திரையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி மின்னுவது, விளையாட்டின் நடுவில் ஓரிரு நொடி திரை கறுத்துத் திரும்புவது. வண்ணம் மங்குவதோ, படம் கொஞ்சம் தெளிவு குறைவதோ கேபிளால் வராது. இது டிஜிட்டல். வந்தால் முழுமையாக வரும், வராவிட்டால் உடைந்து வரும். "இந்தக் கேபிளில் கறுப்பு இன்னும் ஆழமாத் தெரியும் சார்" என்று யாராவது சொன்னால் நீங்கள் பர்ஸை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

கேபிள் உண்மையாகவே சிக்கலாகும் இடம் நீளம். செம்புக் கம்பி மட்டும் கொண்ட சாதாரண கேபிள் இந்த வேகத்தில் சான்று பெறுவது பெரும்பாலும் ஐந்து மீட்டருக்குள்தான். வீடு கட்டும்போதே சுவருக்குள் பத்து மீட்டர் கேபிளைப் புதைத்து வைத்தவர்களுக்கு உண்மையான பிரச்சினை இருக்கிறது. அவர்கள் ஒளியிழைக் கேபிளுக்குப் போக வேண்டும். அதற்கு இரு முனைகளும் ஒன்றல்ல: கன்சோல் பக்கம் எது, டிவி பக்கம் எது என்று குறித்திருப்பார்கள். மாற்றி மாட்டினால் படமே வராது. சுவருக்குள் தள்ளிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் டிவிக்குப் பக்கத்திலேயே கன்சோலை வைத்திருக்கும் பெரும்பாலானோருக்கு? பிஎஸ்5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் பெட்டிக்குள்ளேயே அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிளோடு வருகின்றன. அவற்றை எடுத்து மாட்டினால் போதும். அதிலும் பிஎஸ்5 4கே 120-க்கு 32 ஜிகாபிட்டுக்கு மேல் அனுப்புவதே இல்லை. அதற்குள் அடங்க வண்ணத் தகவலைச் சற்றுச் சுருக்கி அனுப்புகிறது. சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தச் சுருக்கம் தெரியாது. சீரிஸ் எக்ஸ் 40 வரை போகும். அப்படியிருக்க, போர்ட் 40-ஆ 48-ஆ என்று இணையத்தில் நடக்கும் சண்டை கன்சோல்காரருக்குச் சம்பந்தமில்லாதது. கணினியை டிவியில் மாட்டுகிறவர்கள்கூட, 4கே 120-ஐ 10 பிட் முழு வண்ணத்தில் அனுப்ப ஏறத்தாழ 40 ஜிகாபிட்டே வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி இரண்டாம் கூட்டத்துக்கு வருகிறேன். "கன்சோல் விளையாட்டு 60-ஐத் தாண்டாது, 120 எதற்கு?" இந்த வாதம் அறிவுள்ளதாகத் தோன்றுவதால்தான் ஆபத்தானது. இதில் ஒளிந்திருக்கும் பிழை, 120 ஹெர்ட்ஸ் திரை என்பது 120 படம் காட்டுவதற்கு மட்டும்தான் என்று நினைப்பது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு அறுபது முறை தட்டும் தாளம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 16.7 மில்லிநொடி. விளையாட்டு சரியாக 60 படம் தந்தால் ஒரு தட்டுக்கு ஒரு படம், சுகம். காட்சி கனமாகி 50 ஆகிறது என்று வையுங்கள். பத்துக் குறைவது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் ஐம்பது படத்தை அறுபது தட்டுக்குள் பிரித்துப் போட வேண்டும். நாற்பது படம் ஒரு தட்டு நிற்கும், பத்துப் படம் இரண்டு தட்டு நிற்கும். நொடிக்குப் பத்து முறை ஒரு திணறல். கேமராவை மெல்லத் திருப்பினால் அது கண்ணில் குத்தும். விளையாட்டு 50-இல் ஓடுவது சிக்கல் இல்லை, 60-க்கான தாளத்தில் 50 ஓடுவதுதான் சிக்கல்.

இந்தத் திணறலைத் தவிர்க்க விளையாட்டு செய்பவர்களுக்கு 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரே வழிதான்: 30-க்கு இறக்குவது. ஒவ்வொரு படமும் இரண்டு தட்டு, 33.3 மில்லிநொடி. நடுவில் எதுவும் கிடையாது, ஏனென்றால் 60-ஐ வகுத்தால் அடுத்த முழு எண் 30-தான்.

120 ஹெர்ட்ஸ் திரையில் கணக்கு மாறுகிறது. 120-ஐ மூன்றால் வகுத்தால் 40. ஒவ்வொரு படமும் மூன்று தட்டு, சரியாக 25 மில்லிநொடி. 30-உக்கும் 60-உக்கும் நடுவில் 45 அல்லவா இருக்கிறது, 40 கீழே அல்லவா என்று தோன்றும். படங்களின் எண்ணிக்கையை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். 33.3-உக்கும் 16.7-உக்கும் சரி நடுவில் இருப்பது 25. அதாவது 30-இலிருந்து 40-க்கு ஏறும்போதே, 60-க்குப் போகும் வழியில் பாதி தூரத்தைக் கடந்துவிடுகிறோம். 2021-இல் இன்சோம்னியாக் நிறுவனம் 'ராச்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' விளையாட்டில் இதைச் செய்து காட்டியது. உயர்ந்த காட்சித்தரத்தைக் குறைக்காமல் 40 படம். அதன்பின் பல விளையாட்டுகள் இந்த வழியைப் பிடித்தன. இந்த வசதி 60 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவருக்குக் கிடையவே கிடையாது. 120 படம் தரும் ஒரு விளையாட்டைக்கூடத் தொடாதவருக்கும் 120 ஹெர்ட்ஸ் திரையால் கிடைக்கும் இலாபம் இது.

இதே காரணம் விஆர்ஆருக்கு இன்னும் பலமாகப் பொருந்தும். 60 ஹெர்ட்ஸ் டிவிகளில்கூட இப்போது விஆர்ஆர் என்று எழுதி விற்கிறார்கள். சட்டப்படி பொய் இல்லை. ஆனால் அதன் எல்லையைப் பாருங்கள்: பெரும்பாலும் 48-இலிருந்து 60 வரை. திரைப் பலகையால் ஒரு படத்தை அளவுக்கு மீறி நேரம் பிடித்து வைத்திருக்க முடியாது, அதனால் கீழ் எல்லை உண்டு. மேல் எல்லை பலகையின் உச்ச வேகம். இந்தக் குறுகிய எல்லைக்குள் விளையாட்டு நின்றால் நன்மை. 47-க்கு இறங்கினால் விஆர்ஆர் கைவிட்டுவிடும், பழைய திணறல் திரும்பும்.

120 ஹெர்ட்ஸ் டிவியின் எல்லை 48-இலிருந்து 120 என்றால் மேலே மட்டும்தான் இடம் கூடியிருக்கிறது, கீழே அதே 48-தானே என்று கேட்கலாம். இல்லை. மேலே கூடிய இடம் கீழேயும் உதவும். விளையாட்டு 45-க்கு இறங்கினால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை அனுப்பலாம். 45 இரண்டு முறை என்றால் 90. அது 48-உக்கும் 120-உக்கும் உள்ளே சுகமாக உட்காரும். 60 ஹெர்ட்ஸ் டிவிக்கு இந்தத் தப்பும் வழி மூடியிருக்கிறது, ஏனென்றால் 90-ஐ அது வாங்காது. இரட்டிப்பு வேலை செய்ய வேண்டுமானால் மேல் எல்லை கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 60-ஐ 48-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றேகால்.

இங்கும் கன்சோலுக்குக் கன்சோல் வேறுபாடு உண்டு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இந்த இரட்டிப்பைத் தானே செய்துகொள்ளும். 2022 ஏப்ரலில் விஆர்ஆர் பெற்ற பிஎஸ்5 அதைப் பொதுவாகச் செய்வதில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் உள்ளேயே எழுதியிருந்தால்தான் உண்டு. இன்சோம்னியாக்கின் சில விளையாட்டுகளில் அது இருக்கிறது. ஆகவே 60-ஐப் பிடிக்க முயன்று 40-களுக்குச் சரியும் எல்டன் ரிங் போன்ற ஒன்றில், பிஎஸ்5 வைத்திருப்பவர் விஆர்ஆரால் முழு நிம்மதி அடையமாட்டார். இது டிவியின் குறை அல்ல. டிவியை மாற்றினாலும் கேபிளை மாற்றினாலும் தீராது.

விஆர்ஆருக்கே உள்ள ஒரு விலையையும் மறைக்க மாட்டேன். ஓஎல்இடி திரைகளின் இருட்டு நிறங்கள் ஒரு நிலையான வேகத்துக்காகச் சரிசெய்யப்பட்டவை. வேகம் மேலும் கீழும் குதிக்கும்போது கருஞ்சாம்பல் பகுதிகள் லேசாக மினுமினுக்கும். இருண்ட குகைக் காட்சியிலும், விளையாட்டு லோடு ஆகும் திரையிலும் இது நன்றாகத் தெரியும். டிவி பழுது என்று சர்வீஸ்காரரைக் கூப்பிட வேண்டாம். அந்த விளையாட்டுக்கு மட்டும் விஆர்ஆரை நிறுத்திப் பார்த்தால் போதும். மினுக்கம் நின்றால் காரணம் இதுதான்.

"அப்படியானால் 120 என்று எழுதிய டிவியை வாங்கிவிடலாமே?" அதையும் அப்படியே நம்ப முடியாது. 60 ஹெர்ட்ஸ் பலகையில் இடைப்படங்களைக் கற்பனையாகச் செருகும் வேலையைக் காட்டி 120, 240 என்று பெயர் சூட்டுகிறார்கள். இன்னொரு தந்திரம் நுட்பமானது. 4கே பலகையின் வரிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்றாக ஓட்டினால் அதே பலகை 120 முறை மாறும். ஆனால் மேலிருந்து கீழாக இருக்க வேண்டிய வரிகளில் பாதிதான் மிஞ்சும். எழுத்துகளின் ஓரம் படிக்கட்டுப்போலத் தெரிவது அதன் அடையாளம். கேட்க வேண்டிய கேள்வி "120 இருக்கா" என்பதல்ல, "வெளியிலிருந்து வரும் 4கே சிக்னலை 120 ஹெர்ட்ஸில், முழு 4கேயாக, எந்தப் போர்ட்டில் வாங்கும்?" என்பதுதான்.

எந்தப் போர்ட்டில் என்பது சும்மா சேர்த்த சொல் இல்லை. நான்கு போர்ட் உள்ள டிவியில் நான்கும் ஒரே மாதிரி என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. எல்ஜி 2019-லேயே தன் சி9 ஓஎல்இடியில் நான்கையும் முழு வேகப் போர்ட்டாகக் கொடுத்தது. ஆனால் அதற்குப் பின் வந்த டிவிகளிலும் பலவற்றில் இரண்டுதான் முழு வேகம். சோனியின் பல டிவிகளில் மூன்றாவதும் நான்காவதும் அந்த இரண்டு. அந்த மூன்றாவதுதான் சவுண்ட்பாருக்கான இ-ஆர்க் போர்ட்டும். சவுண்ட்பாரை மாட்டியதும் மிஞ்சுவது ஒன்று. வீட்டில் பிஎஸ்5-உம் சீரிஸ் எக்ஸும் இருந்தால் ஒன்று 60-க்கு இறங்க வேண்டியதுதான். இந்த முடிச்சைக் கேபிள் அவிழ்க்காது. கன்சோலைச் சவுண்ட்பார் வழியாகக் கொண்டுபோய்ச் சமாளிக்கலாம் என்றால், அந்தச் சவுண்ட்பாரின் உள்நுழையும் போர்ட்டும் 4கே 120-ஐயும் விஆர்ஆரையும் கடத்த வேண்டும். பல சவுண்ட்பார்கள் 4கே 60-உடன் நின்றுவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பூட்டு மிச்சம் இருக்கிறது. சரியான போர்ட்டிலேயே மாட்டினாலும், பல டிவிகளில் அந்தப் போர்ட் முழு வேகத்தைத் திறந்து வைத்திருக்காது. பழைய கருவிகள் குழம்பாமல் இருப்பதற்காகச் செட்டிங்கில் மூடி வைத்திருப்பார்கள். சாம்சங்கில் அதன் பெயர் `Input Signal Plus`. எல்ஜியில் `HDMI Deep Colour`. சோனியில் `HDMI signal format` என்பதற்குள் போய் `Enhanced format` வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதம், ஒன்றிலும் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. வாங்கியவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

அக்கா மகன் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். டிவியின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஎஸ்5-இலிருந்து நாலாயிரம் ரூபாய்க் கேபிள் சவுண்ட்பாருக்குப் போகிறது. சவுண்ட்பாரிலிருந்து டிவியின் மூன்றாவது போர்ட்டுக்கு ஒரு பழைய கேபிள். நான்காவது போர்ட்டில் செட்டாப் பாக்ஸ். போர்ட்டுகளின் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: முதல் இரண்டுக்கு 4கே 60, அடுத்த இரண்டுக்கு 4கே 120.

"மாமா, கேபிளை மாத்தணுமா?" என்றான்.

"கேபிளை விடுடா. போர்ட்டை மாத்து."

செட்டாப் பாக்ஸை முதல் போர்ட்டுக்கு நகர்த்தினோம். பிஎஸ்5-ஐச் சவுண்ட்பாரிலிருந்து கழற்றி, அதன் பெட்டிக்குள் பிரிக்காமலே கிடந்த கேபிளால் நேராக நான்காவது போர்ட்டில் மாட்டினோம். சவுண்ட்பார் மூன்றாவதிலேயே இருந்தது. டிவியிலிருந்து ஒலி திரும்பி அதற்குப் போவதற்கு அந்தப் பழைய கேபிளே தாராளம். அப்போதும் 120 வரவில்லை. டிவியின் செட்டிங்கில் நான்காவது போர்ட்டை முழு வேகத்துக்குத் திறந்தோம். திரை ஒரு முறை கறுத்து மீண்டது. பிஎஸ்5-இல் `Screen and Video` பகுதிக்குள் போய் `VRR`-ஐயும் `Enable 120 Hz Output`-ஐயும் `Automatic` ஆக்கினோம். 120 தரும் விளையாட்டு ஒன்றைத் திறந்து, டிவியின் தகவல் பலகையை வரவழைத்தோம். 3840 பெருக்கல் 2160, 120 ஹெர்ட்ஸ், விஆர்ஆர். வேலை முடிய இருபது நிமிடம், செலவு பூஜ்ஜியம்.

எக்ஸ்பாக்ஸாக இருந்திருந்தால் இன்னும் எளிது. `4K TV details` என்ற பக்கத்தில் எது வருகிறது, எது வரவில்லை என்று வரி வரியாகப் போட்டுக் காட்டிவிடும். டிவியைக் கடையிலேயே சோதிக்க விரும்புகிறவர்கள் கன்சோலைக் கையோடு எடுத்துப்போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். அட்டைப்பெட்டியைவிட அது நம்பகமான சாட்சி.

"சாதாரண ஆள் டிவி வாங்க இவ்வளவு படிக்க வேண்டுமா?" என்று கேட்பவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஒற்றை எண்ணில் எல்லாம் அடங்கினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடங்கவில்லை, இனிமேலும் அடங்காது. 2025 ஜூனில் எச்டிஎம்ஐ 2.2 வெளியாகிவிட்டது. 96 ஜிகாபிட், அல்ட்ரா96 என்று புதிய கேபிள். இன்றைய கன்சோல் எதற்கும் அது தேவையில்லை. ஆனால் கடைகளில் கேள்வி மட்டும் "டூ பாயிண்ட் டூ இருக்கா?" என்று மாறும், அதே தலையாட்டலும் பில்லும் தொடரும். எண்ணைக் கேட்பவருக்கு எண்தான் கிடைக்கும். எத்தனை ஜிகாபிட், எத்தனையிலிருந்து எத்தனை வரை விஆர்ஆர், எந்தப் போர்ட் என்று கேட்பவருக்குக் கடைக்காரர் கையேட்டைப் புரட்டியாக வேண்டும். அந்தக் கையேட்டில் விடை இருக்கும். இல்லாவிட்டால் அதுவே ஒரு விடை.

அந்த நாலாயிரம் ரூபாய்க் கேபிளைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா வீட்டில் அது இப்போது செட்டாப் பாக்ஸிலிருந்து டிவியின் முதல் போர்ட்டுக்குப் போகிறது. 48 ஜிகாபிட் தாங்கும் அந்தக் கம்பி வழியாக அக்கா தினமும் சாயங்காலம் சீரியல் பார்க்கிறாள்.